அட்வான்ஸ் கேட்டு ஒரு கடிதம்

“நீங்க வேலையை ஆரம்பிங்க சார், பணம் ஒரு பிரச்சினையே இல்ல.”

தனியாகத் தொழில் செய்கிற வடிவமைப்பாளர், மொழிபெயர்ப்பாளர், புகைப்படக்காரர் என்று யாராக இருந்தாலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் ஏமாற்ற நினைத்துச் சொல்வதில்லை. அவருக்கு வேலை அவசரம். பணம் அனுப்புவது அவருடைய அக்கவுண்ட்ஸ் பிரிவின் பொறுப்பு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வேலையைக் கொடுப்பவர் ஒருவர், பணத்தை அனுப்புபவர் வேறொருவர். இரண்டு பேருக்கும் நடுவில் எழுத்தில் எதுவும் இல்லையென்றால், முடித்த வேலைக்கான பில் யாருடைய பார்வைக்கும் வராமல் மாதக்கணக்கில் கிடக்கும்.

ஆகவே புதிய வாடிக்கையாளருக்கு ஃப்ரீலான்ஸர் எழுதும் முதல் கடிதத்தை இரண்டு பேர் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டும். முதலாளி படித்தால் எதற்காக முன்பணம் என்று புரிய வேண்டும். கணக்காளர் படித்தால் எந்தத் தேதியில், எந்தத் தாளை வைத்து, எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று தெரிய வேண்டும். பலரும் முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். “50 சதவீதம் அட்வான்ஸ், மீதி வேலை முடிந்ததும்” என்று வாட்ஸப்பில் போகிற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்தக் கணக்காளராலும் பணம் அனுப்ப முடியாது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். கோவையில் தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர் ஒருவர். ஈரோட்டுப் பக்கம் மரச்செக்கு எண்ணெய் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி அவரைக் கூப்பிடுகிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகிய மூன்றுக்கும் அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் என மூன்று அளவுகளில் லேபிள் வேண்டும். மொத்தம் ஒன்பது லேபிள். பேசி முடித்த கட்டணம் 60,000 ரூபாய்.

இதில் எவ்வளவு முன்பணம் கேட்பது? பாதி என்பது ஒரு பழக்கம். அதற்குக் கணக்கு எதுவும் இல்லை. சரியான கேள்வி வேறு: வாடிக்கையாளர் எந்தக் கட்டத்தில் விலகிப்போகக்கூடும், அந்தக் கட்டம் வரை எவ்வளவு உழைப்பு போயிருக்கும்? லேபிள் வேலையில் மூளை உழைப்பு முன்பக்கமே குவிந்திருக்கிறது. கடைகளுக்குப் போய் அலமாரியில் மற்ற எண்ணெய்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது, எழுத்துரு தேர்வு, நிறம், மூன்று மாற்று வடிவங்களை வரைந்து காட்டுவது, இவை மட்டுமே மொத்த வேலையில் பத்தில் நான்கு பங்கு. தேர்ந்தெடுத்த வடிவத்தை ஒன்பது லேபிளுக்கும் விரிப்பது இன்னொரு நான்கு பங்கு. அச்சகத்துக்கு ஏற்ற கோப்பு தயாரித்து, மாதிரி அச்சைப் பார்த்துச் சரிசெய்வது மீதி இரண்டு பங்கு. “எங்களுக்குச் சரிப்படல” என்று ஒரு வாடிக்கையாளர் விலகுவது அநேகமாக மூன்று மாற்று வடிவங்களைப் பார்த்த பிறகுதான். அதுவரையிலான உழைப்பின் மதிப்பு 24,000 ரூபாய். முன்பணம் அதுதான்.

இப்படிக் கணக்கிட்டுக் கேட்டால், ஏன் என்று வாடிக்கையாளர் கேட்கும்போது பதில் சொல்ல முடிகிறது. அவருக்கும் இதில் பாதுகாப்பு இருக்கிறது. 24,000 கொடுத்தால் 24,000 மதிப்புள்ள மூன்று வடிவங்கள் அவர் கைக்கு வருகின்றன. அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த பணம். முகம் தெரியாத ஒருவருக்கு 60,000 மொத்தத்தையும் முன்கூட்டிக் கொடுக்கும் நிலை அவருக்கு வருவதில்லை.

அந்தக் கடிதம் இப்படி இருக்கலாம்:

*மதிப்பிற்குரிய ஐயா,*

*வணக்கம். செவ்வாய்க்கிழமை நேரில் பேசியபடி, உங்கள் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றுக்கு மூன்று அளவுகளில் மொத்தம் ஒன்பது லேபிள்களை வடிவமைத்துத் தர ஒப்புக்கொள்கிறேன். கட்டணம் 60,000 ரூபாய். இதை மூன்று தவணைகளாகப் பெற்றுக்கொள்கிறேன்.*

*முதல் தவணை 24,000 ரூபாய் முன்பணம். மூன்று மாற்று வடிவங்களை உருவாக்கும் வேலைக்கு உரிய தொகை இது. உங்கள் வேலைக்காக என் நாட்களை ஒதுக்கி மற்ற வேலைகளைத் தள்ளிவைப்பதால், இந்தத் தொகை வங்கியில் சேர்ந்த மறுநாள்தான் வேலையைத் தொடங்குவேன். அதிலிருந்து 12 வேலை நாட்களில் மூன்று வடிவங்களும் உங்களுக்கு வந்துசேரும். லேபிளில் வர வேண்டிய எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், நிகர அளவு, ஊட்டச்சத்து விவரங்களை அதற்குள் அனுப்பித் தாருங்கள்.*

*ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து மின்னஞ்சலில் நீங்கள் உறுதி செய்ததும் இரண்டாவது தவணை 24,000 ரூபாய்க்குப் பில் அனுப்புவேன். அது வந்ததும் ஒன்பது லேபிள்களின் வேலை தொடங்கும். தேர்ந்தெடுத்த வடிவத்தில் இரண்டு முறை திருத்தம் செய்வது கட்டணத்தில் அடங்கும். மூன்றாவது தவணை 12,000 ரூபாய்க்கான பில், அச்சுக்குரிய இறுதிக் கோப்புகளை ஒப்படைக்கும் நாளில் வரும். அந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டுகிறேன். முழுத் தொகையும் வந்தவுடன் வடிவங்களின் பதிப்புரிமையை உங்கள் கம்பெனிக்கு எழுதிக் கையொப்பமிட்டுத் தருவேன்.*

*வேலையை நிறுத்த நீங்கள் முடிவு செய்தால், வடிவங்களை நான் அனுப்புவதற்கு முன் என்றால் முன்பணத்தில் 12,000 ரூபாயைத் திருப்பித் தருவேன். அனுப்பிய பிறகு என்றால் திருப்பித் தர இயலாது. என் பக்கத்தில் வேலை நின்றுபோனால், முன்பணம் முழுவதும் திரும்ப வந்துவிடும்.*

*முன்பணத்துக்கான ப்ரோஃபார்மா இன்வாய்ஸ், பான் அட்டை நகல், ரத்து செய்த காசோலை, உத்யம் சான்றிதழ் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். நான் ஜிஎஸ்டி பதிவு பெறவில்லை. ஆகவே பில்லில் ஜிஎஸ்டி இருக்காது. டி.டி.எஸ். பிடிப்பதாக இருந்தால் எத்தனை சதவீதம் என்று உங்கள் கணக்காளர் தெரிவித்தால் உதவியாக இருக்கும். இவை உங்களுக்குச் சம்மதம் என்றால் இந்த மின்னஞ்சலுக்கே ஒரு வரி பதில் போடுங்கள்.*

கடிதம் இவ்வளவுதான். இதில் எங்கும் மன்னிப்பு இல்லை. “தவறாக நினைக்க வேண்டாம்”, “சிரமத்துக்கு வருந்துகிறேன்” என்றெல்லாம் எழுதினால், இது விலக்கிக்கொள்ளக்கூடிய நிபந்தனை என்று படிப்பவருக்குத் தோன்றிவிடும். அதே சமயம் மிரட்டலும் இல்லை. வட்டி, வழக்கு, அபராதம் எல்லாம் முதல் கடிதத்தில் வர வேண்டியதில்லை என்பது என் கருத்து. அவற்றுக்குச் சட்டத்தில் ஏற்கனவே இடம் இருக்கிறது; அதைப் பின்னால் சொல்கிறேன்.

தவணைகள் எதனோடு கட்டப்பட்டிருக்கின்றன என்று கவனியுங்கள். மூன்றாவது தவணை, கோப்புகளை ஒப்படைக்கும் நாளோடு கட்டப்பட்டிருக்கிறது. “லேபிள் அச்சானதும்” என்றோ “பொருள் கடைக்கு வந்ததும்” என்றோ எழுதியிருந்தால், அச்சகம் தாமதித்தாலும் பணம் நிற்கும். கம்பெனி புது எண்ணெயை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிவைத்தாலும் பணம் நிற்கும். ஃப்ரீலான்ஸர் கையில் இல்லாத ஒரு நிகழ்வோடு, ஏற்கனவே முடிந்த வேலைக்கான தவணையைக் கட்டக் கூடாது. இரண்டாவது தவணை வாடிக்கையாளரின் சம்மதத்தைப் பொறுத்ததுதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் அவர் சம்மதம் சொல்லும்வரை இரண்டாவது கட்ட வேலை தொடங்குவதே இல்லை. அவர் இரண்டு மாதம் யோசித்தாலும் ஃப்ரீலான்ஸருக்கு நஷ்டம் கிடையாது. கடனாக நிற்பது கடைசி 12,000 மட்டும்தான்.

அந்தக் கடைசித் தொகையும் வந்த பிறகே கோப்பைக் கொடுப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நேரத்தில் அச்சகத்தில் காகிதம் தயாராக இருக்கும், கம்பெனிக்கு ஒவ்வொரு நாளும் பணம். ஐந்தில் நான்கு பங்கைச் சொன்னபடி கொடுத்துவிட்டவரை அங்கே நிறுத்துவது நியாயமாகப் படவில்லை. பதிப்புரிமைதான் அந்த இடத்தில் பிடிமானம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். பணம் வரும்வரை அந்தக் கையொப்பம் உங்களிடம் இருக்கிறது.

இனி கணக்காளர் படிக்கும் பகுதிக்கு வருவோம். முன்பணத்துக்கு நேரடியாகப் பில் போடாமல் ஏன் ப்ரோஃபார்மா? பில் என்பது செய்த வேலைக்கு உரிய கணக்கு. அது வரிசை எண்ணோடு உங்கள் கணக்குப் புத்தகத்தில் வருமானமாக ஏறும். ப்ரோஃபார்மா என்பது “இந்த வேலைக்கு இவ்வளவு ஆகும், இதில் இவ்வளவை முன்னதாக அனுப்புங்கள்” என்று கேட்கும் தாள். வேலை நின்றுபோனால் அதை ரத்து செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கணக்காளருக்கோ பணம் அனுப்ப ஏதாவது ஒரு தாள் தேவை. பணம் வந்தவுடன் ஒரு ரசீது. மூன்று வடிவங்களையும் அனுப்பும் நாளில் முறையான முதல் பில். அந்தப் பில்லில் 24,000 என்று எழுதி, கீழே “பெற்றுக்கொண்ட முன்பணம் 24,000” என்று கழித்து, நிலுவை பூஜ்யம் என்று காட்டிவிட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், ஆண்டுக் கடைசியில் கம்பெனியின் புத்தகத்தில் அந்த 24,000 பில் இல்லாத முன்பணமாக நிற்கும். ஆடிட்டர் கேட்பார். அடுத்த பில்லை அக்கவுண்ட்ஸ் நிறுத்திவைக்கும்.

அடுத்தது டி.டி.எஸ். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் அதிகம் பதறுவது இதில்தான். 24,000 கேட்டிருப்பார், வங்கியில் 21,600 வந்திருக்கும். தொழில்முறைச் சேவைக் கட்டணம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டும் என்றால் கம்பெனிகள் 10 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. நம் உதாரணத்தில் மொத்தம் 60,000 என்பது முதலிலேயே தெரிவதால் முன்பணத்திலிருந்தே பிடிப்பார்கள். முன்பணம்தானே, இதற்கு எதற்குப் பிடித்தம் என்று வாதாடுவதில் பயனில்லை. தொகை செலுத்தும்போதே பிடிக்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஆக மூன்று தவணைகளில் 21,600, 21,600, 10,800 என 54,000 ரூபாய் கைக்கு வரும். 6,000 ரூபாய் உங்கள் பான் எண்ணில் வரவாகும். அது போன பணம் அல்ல. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழியும். வரி அதைவிடக் குறைவு என்றால் திரும்ப வரும்.

சில கம்பெனிகள் இதே வேலையை ஒப்பந்தப் பணி என்று எடுத்துக்கொண்டு, தனிநபர் என்பதால் 1 சதவீதம் மட்டும் பிடிப்பதும் உண்டு. அதனால்தான் கடிதத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்டு வைத்திருக்கிறோம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போய், பிடித்த தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால், அந்தக் கம்பெனியோடு தொடர்பு இருக்கும்போதே கேட்பது எளிது.

ஜிஎஸ்டி பற்றி ஒன்று மட்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம் இல்லை. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி சேர்த்து வசூலிக்கவும் கூடாது. பதிவு பெற்ற பிறகு நிலைமை மாறும். பொருள் விற்கிறவர் வாங்கும் முன்பணத்துக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. சேவை செய்கிறவர் வாங்கும் முன்பணத்துக்குக் கட்ட வேண்டும். 24,000 ரூபாய்க்கு 18 சதவீதம் சேர்த்து 28,320 கேட்டு, வாங்கிய உடனே அதற்குரிய ரசீது வவுச்சர் கொடுக்க வேண்டும். அந்த 4,320 ரூபாயை உங்கள் பணம் என்று நினைத்துச் செலவழித்துவிட்டால் அந்த வரிக்கணக்கைத் தாக்கல் செய்யும்போது திணற வேண்டிவரும். டி.டி.எஸ். மட்டும் 24,000 ரூபாய்க்கே கணக்கிடப்படும், பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால்.

கடிதத்தோடு உத்யம் சான்றிதழை இணைத்ததற்குக் காரணம் கடைசி 12,000 ரூபாய். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் தனியாளாகச் சேவைத் தொழில் செய்கிறவருக்கும் பொருந்தும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதாரும் பானும் இருந்தால் அரசின் இணையதளத்தில் நாமே செய்துகொள்ளலாம். இந்தச் சட்டப்படி, எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த ஒப்பந்த அவகாசமும் 45 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாட்கள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். வேலையை ஒப்படைத்த 15 நாட்களுக்குள் வாடிக்கையாளர் எழுத்து மூலம் குறை சொல்லவில்லை என்றால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். இறுதிக் கோப்புகளை வாட்ஸப்பில் போட்டுவிட்டு இருந்துவிடாமல், “இன்று ஒன்பது கோப்புகளையும் ஒப்படைத்திருக்கிறேன்” என்று மின்னஞ்சல் அனுப்புவது இந்தத் தேதிக்காகத்தான்.

இந்தச் சட்டத்தைச் சொல்லி மிரட்டத் தேவை வருவது அரிது. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய நாளுக்குள் தராத தொகையை, தந்த ஆண்டில்தான் கம்பெனி செலவாகக் கழித்துக்கொள்ள முடியும். மார்ச் நெருங்கும்போது ஆடிட்டர்களே “யார் யாருக்கு உத்யம் இருக்கிறது, யாருக்குப் பாக்கி இருக்கிறது” என்று பட்டியல் கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டுமானால் சான்றிதழ் முதல் கடிதத்தோடு போயிருக்க வேண்டும். வேலை முடிந்து, பணம் நின்ற பிறகு அவசரமாகப் பதிவு செய்துகொண்டு பழைய பில்லுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டால் அது செல்லாமல் போகலாம்.

கடிதம் அனுப்பிய பிறகு வரும் பதிலை வைத்தே பாதி தெரிந்துவிடும். தொகையைக் குறைக்கச் சொன்னால் பேசலாம், அது வியாபாரம். 24,000 முடியாது, 15,000 தருகிறேன் என்றால், மூன்று வடிவத்துக்குப் பதில் இரண்டு காட்டுகிறேன் என்று சொல்லலாம். “எங்க கம்பெனியில அட்வான்ஸ் கொடுக்கிற வழக்கமே இல்ல” என்பதும் உண்மையாக இருக்கலாம். பெரிய கம்பெனிகளில் பர்ச்சேஸ் ஆர்டர் இல்லாமல் ஒரு ரூபாய்கூட நகராது. அப்படியானால் தேதியும் தொகையும் உள்ள பர்ச்சேஸ் ஆர்டரைக் கேளுங்கள், முதல் கட்டத்தைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். கவலைப்பட வேண்டிய பதில் வேறு. கடிதத்துக்குப் பதிலே போடாமல், போனில் மட்டும் “ஒரு சாம்பிள் போட்டுக் காட்டுங்க, உடனே அட்வான்ஸ் போட்டுடறேன்” என்று சொல்பவரிடம் வேலையைத் தொடங்காதீர்கள். அந்தச் சாம்பிள்தான் பத்தில் நான்கு பங்கு வேலை.

இதைப் படிப்பவர் வேலை கொடுக்கும் இடத்தில் இருக்கிறவர் என்றால் அவருக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு கடிதம் வந்தால் அதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “சம்மதம்” என்ற ஒரு வரியோடு, உங்கள் கணக்காளரின் பெயரையும் எண்ணையும், உங்கள் கம்பெனியில் பில் பாஸ் ஆகும் தேதியையும் சேர்த்துப் பதில் அனுப்புங்கள். கடிதத்தை அப்படியே கணக்காளருக்கும் அனுப்பிவிடுங்கள்.